ஓட்டல் கோபுரத்தில் வெந்நீர்: குழாய் ஒன்று, கணக்கு இரண்டு

பல மாடி ஓட்டலின் வெந்நீர்க் குழாய்களுக்கு அளவு குறிப்பவர் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். காலை 7 மணிக்குப் பலரும் குளிக்கும்போது குழாயில் எவ்வளவு நீர் ஓடும் என்பது முதல் கேள்வி. இரவு 2 மணிக்கு ஒருவர்கூடக் குழாயைத் திறக்காதபோது, உள்ளே இருக்கும் நீர் ஆறிப்போகாமல் இருக்க எவ்வளவு நீரைச் சுற்றிவிட வேண்டும் என்பது இரண்டாவது. முதலாவதற்கு விடை தருவது ஃபிக்ஸ்சர் யூனிட். இரண்டாவதற்கு விடை தருவது குழாயின் சுவர் வழியே வெளியேறும் வெப்பம். இந்த இரண்டு கணக்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பல ஓட்டல்களில் பம்ப் தேவைக்கு மேல் பெரிதாக இருக்கிறது, திரும்பு குழாய் சில ஆண்டுகளிலேயே ஓட்டை விழுகிறது, கடைசி அறைக்கு மட்டும் வெந்நீர் வருவதில்லை.

ஃபிக்ஸ்சர் யூனிட் என்பது நீரின் அளவு அல்ல. ஒரு குழாய் எவ்வளவு நீர் இழுக்கும், எவ்வளவு நேரம் திறந்திருக்கும், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை திறக்கப்படும் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்து, அது மொத்த அமைப்பின் மேல் ஏற்றும் சுமைக்கு இட்ட மதிப்பெண் அது. வாஷிங்டனில் இருந்த அமெரிக்க தேசியத் தர நிர்ணய அலுவலகத்தில் பணியாற்றிய ராய் ஹன்டர், 1940இல் இந்த முறையை முழு வடிவில் வெளியிட்டார். எல்லாக் குழாய்களும் ஒரே நொடியில் திறந்திருக்கும் என்று வைத்துக் குழாயின் அளவைத் தீர்மானிப்பது வீண் செலவு என்பது அவர் நிலை. பரபரப்பான நேரத்திலும் நூற்றில் ஒரு பங்கு நேரம் மட்டுமே மிஞ்சக்கூடிய ஓட்டம் எதுவோ, அதை நிகழ்தகவுக் கணக்கால் கண்டுபிடித்தார். யூனிட்களின் கூட்டுத்தொகையை நிமிட ஓட்டமாக மாற்றித் தரும் அவருடைய வளைகோட்டின் வழிவந்த அட்டவணைகள்தாம் இன்றும் அமெரிக்கக் குழாய் விதிநூல்களில் இருக்கின்றன.

கணக்கை ஒரு கட்டடத்தில் போட்டுப் பார்க்கலாம். 24 விருந்தினர் தளங்கள் கொண்ட ஓட்டல் ஒன்று. அழுத்தத்தை முன்னிட்டு அதை 12 தளங்களாக இரண்டு மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு மண்டலத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஹீட்டர்கள் கீழே இயந்திர தளத்தில் இருக்கின்றன. அங்கிருந்து ஒரு மெயின் குழாய் 60 மீட்டர் ஓடுகிறது. அதிலிருந்து 8 ரைசர்கள் மேலே ஏறுகின்றன. ஒவ்வொரு ரைசரும் ஒவ்வொரு தளத்திலும் சுவருக்கு இருபுறமும் உள்ள இரண்டு குளியலறைகளுக்கு நீர் தருகிறது. மொத்தம் 192 அறைகள்.

அமெரிக்காவின் சர்வதேசக் குழாய் விதிநூலில் தனி அறையின் ஷவருக்கோ குளியல் தொட்டிக்கோ வெந்நீர்ப் பக்கம் 1 யூனிட், வாஷ்பேசினுக்கு 0.5 யூனிட். அதே ஷவருக்கு மொத்தம் என்ற கட்டத்தில் 1.4 என்று இருக்கும். வெந்நீர் 1, தண்ணீர் 1, கூட்டினால் 2 ஆகவேண்டுமே என்று தோன்றலாம். ஆனால் ஷவரில் குளிப்பவர் இரண்டையும் கலந்துதான் குளிக்கிறார். ஒரு பக்கம் கூடினால் மறுபக்கம் குறையும். அதனால்தான் மொத்தம் 2 ஆவதில்லை. வெந்நீர்க் குழாய்க்கு வெந்நீர்க் கட்டத்தின் எண்ணை எடுக்க வேண்டும், 1.4 என்பது கட்டடத்துக்குள் நுழையும் பொதுக் குழாய்க்கு உரியது.

ஆக ஒரு குளியலறைக்கு 1.5 யூனிட், ஒரு தளத்தில் இரண்டு குளியலறைக்கு 3, பன்னிரண்டு தளத்துக்கு 36. ஒரு ரைசரின் அடியில் இருக்கும் சுமை இவ்வளவுதான். அட்டவணையில் 36 யூனிட்டுக்கு ஏறத்தாழ 25 அமெரிக்க கேலன் வரும். நிமிடத்துக்கு 95 லிட்டர். இங்கே கைதவறுவதற்கு ஓர் இடம் உண்டு. அட்டவணை இரண்டு பத்திகளாக இருக்கும்: ஃபிளஷ் டேங்க் கழிப்பறைகள் அதிகமுள்ள கட்டடத்துக்கு ஒன்று, ஃபிளஷ் வால்வு கழிப்பறைகள் உள்ளதற்கு மற்றொன்று. ஓட்டலில் ஃபிளஷ் வால்வு இருந்தாலும் வெந்நீர்க் குழாய்க்கு அந்தப் பத்தியைப் பார்க்கக் கூடாது. வெந்நீரில் எந்தக் கழிப்பறையும் ஃபிளஷ் ஆவதில்லை. தவறிப்போய் அந்தப் பத்தியைப் பார்த்தால் 25 கேலன் இருக்க வேண்டிய இடத்தில் 44 கேலன் வந்து நிற்கும்.

அடுத்தது மெயின். எட்டு ரைசர்கள், ஒவ்வொன்றிலும் 95 லிட்டர் என்று பெருக்கினால் 760 லிட்டர் வரும். முறையைப் புரிந்துகொள்ளாதவர் செய்வது இதைத்தான். ஓட்டங்களைக் கூட்டக் கூடாது. யூனிட்களைத்தான் கூட்ட வேண்டும். 36 யூனிட்டை எட்டால் பெருக்கினால் 288. அட்டவணையில் 288க்கு நேராகச் சுமார் 83 கேலன், அதாவது 313 லிட்டர். எண்ணிக்கை கூடக் கூட, எல்லோரும் ஒரே நேரத்தில் திறக்கும் வாய்ப்பு குறைகிறது என்பதே இந்த வித்தியாசத்துக்குக் காரணம். மெயின் வழியில் ஒவ்வொரு ரைசராகப் பிரிந்து போகும்போதும் மீதமுள்ள யூனிட்டைக் கணக்கிட்டு மறுபடியும் அட்டவணைக்குப் போக வேண்டும். நான்கு ரைசர் பிரிந்த பிறகு மீதம் 144 யூனிட். ஓட்டம் சுமார் 200 லிட்டர்.

ஓட்டம் தெரிந்தபின் குழாயின் விட்டத்தைத் தீர்மானிப்பது வேகம். செம்புக் குழாயில் 60 டிகிரி வரையிலான வெந்நீர் நொடிக்கு 1.5 மீட்டருக்கு மேல் ஓடக் கூடாது என்பது நடைமுறை வரம்பு. அதைவிடச் சூடான நீருக்கு வரம்பு இன்னும் கீழே, 0.6 முதல் 0.9 மீட்டர்தான். வேகம் மீறினால் சத்தம் வரும் என்பது சின்னக் குறை. பெரிய குறை, செம்பின் உட்புறத்தில் இயல்பாகப் படியும் காப்புப் படலத்தை நீர் அரித்துக்கொண்டு போவது. அந்தப் படலம் மறுபடி உருவாவதற்குள் மறுபடி அரிக்கப்படும். எல்போவுக்கு அடுத்த சில அங்குலத்தில்தான் முதல் துளை விழும்.

இந்த வரம்பை வைத்துப் பார்த்தால் மெயினின் தொடக்கத்துக்கு 3 அங்குலக் குழாய் வேண்டும். இரண்டரை அங்குலத்தில் வேகம் 1.7 மீட்டரைத் தொடும். நான்கு ரைசர்களுக்கு அப்பால் இரண்டரை போதும். ஓட்டங்களைக் கூட்டியவர் இதே இடத்தில் 5 அங்குலக் குழாய் வாங்கியிருப்பார். ரைசரின் அடியில் ஒன்றரை அங்குலம். மேலே போகப் போகச் சுமை குறையும்: மேலிருந்து ஆறு தளங்களுக்கு மட்டும் நீர் தரும் இடத்தில் 18 யூனிட்தான், ஒன்றேகால் அங்குலம் போதும். கடைசி இரண்டு தளங்களுக்கு 1 அங்குலம், உச்சித் தளத்துக்கு முக்கால்.

ஓட்டலின் துணி வெளுக்கும் பகுதியையும் சமையலறையின் பெரிய பாத்திரக் கழுவு இயந்திரத்தையும் இந்த யூனிட் கணக்குக்குள் கொண்டுவரக் கூடாது. மணிக்கணக்காகத் தொடர்ந்து ஓடுபவற்றில் நிகழ்தகவுக்கு வேலையில்லை. அவற்றின் ஓட்டத்தை லிட்டராகவே எடுத்து, அட்டவணையிலிருந்து வந்த விடையோடு கடைசியில் கூட்ட வேண்டும். பெரும்பாலும் அவற்றுக்குத் தனி ஹீட்டர், தனிக் குழாய் வைப்பதே நல்லது.

ஹன்டரின் முறைக்கு ஓர் அடிப்படை அனுமானம் உண்டு: ஒருவர் குழாயைத் திறப்பதற்கும் இன்னொருவர் திறப்பதற்கும் தொடர்பில்லை. ஓட்டலில் இது எப்போதும் உண்மையல்ல. மாநாட்டுக்கு வந்த இருநூறு பேருக்கும் காலை 8 மணிக்கு முதல் அமர்வு என்றால், ஏழிலிருந்து ஏழரைக்குள் எல்லோரும் குளிப்பார்கள். மறுபுறம், ஹன்டர் கணக்கிட்ட 1940இன் குழாய்கள் இன்றைய சிக்கனக் குழாய்களைவிட அதிக நீர் இழுத்தவை. அந்த அளவில் அட்டவணை இன்று தாராளமானது. இந்தத் தாராளத்தைக் குறைக்க அமெரிக்காவில் 2017இல் வந்த புதிய கணக்கீட்டு முறை வீடுகளுக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் உரியது. ஓட்டலுக்கு அதைப் பயன்படுத்துவது தவறு. குடியிருப்பில் இல்லாத கூட்டக் குளியல் ஓட்டலில் உண்டு. ஆகவே ஓட்டலுக்குப் பழைய அட்டவணையே இன்னும் பாதுகாப்பானது.

இனி இரண்டாவது கேள்வி. சுற்றோட்டம் இல்லாத அதே கட்டடத்தில், மெயினின் கடைசி முனையில் உச்சித் தளத்து விருந்தினர் ஒருவர் நள்ளிரவில் ஷவரைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஹீட்டருக்கும் அவருக்கும் இடையே குழாயில் ஆறிக் கிடக்கும் நீர் 200 லிட்டருக்கு மேல். ஷவர் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் வெந்நீர்தான் இழுக்கும். அரை மணி நேரம் அவர் குளிர்ந்த நீரைச் சாக்கடைக்கு அனுப்பிக்கொண்டு நிற்க வேண்டும். இதைத் தவிர்க்கவே ஒவ்வொரு ரைசரின் உச்சியிலிருந்தும் ஒரு சிறு குழாயை எடுத்து, எட்டையும் ஒன்றாகச் சேர்த்து, ஒரே திரும்பு குழாயாகக் கீழே ஹீட்டருக்குக் கொண்டுவந்து, நடுவில் ஒரு பம்ப் வைக்கிறார்கள்.

இந்தப் பம்ப் யாருக்கும் குளிக்க நீர் தருவதில்லை. வழியில் குழாய் இழக்கும் வெப்பத்தை ஈடுகட்டுவது மட்டுமே அதன் வேலை. ஆகவே அதன் அளவுக்கும் ஃபிக்ஸ்சர் யூனிட்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. கணக்கு எளியது. நிமிடத்துக்கு 1 லிட்டர் வீதம் ஓடும் நீர் 1 டிகிரி குளிர்ந்தால் ஏறத்தாழ 70 வாட் வெப்பத்தை விட்டுக்கொடுத்திருக்கிறது. குழாய் இழக்கும் மொத்த வாட்டை 70ஆலும், பிறகு அனுமதிக்கும் டிகிரி வீழ்ச்சியாலும் வகுத்தால், சுற்றவேண்டிய லிட்டர் கிடைத்துவிடும்.

25 மில்லிமீட்டர் இன்சுலேஷன் போட்ட ஒன்றரை அங்குலக் குழாயில் 60 டிகிரி நீர் ஓடி, சுற்றிலும் 25 டிகிரி காற்று இருந்தால், மீட்டருக்குச் சுமார் 10 வாட் இழப்பு. மேலே மெலியும் ரைசருக்குச் சராசரியாக 9 என்று கொள்ளலாம். ஒரு ரைசர் 38 மீட்டர்; இழப்பு ஏறத்தாழ 350 வாட். எட்டு ரைசருக்கு 2,800. மெயினுக்கு 900. மொத்தம் 3,700 வாட். ஹீட்டரிலிருந்து ரைசரின் உச்சி வரை 5 டிகிரி குறையலாம் என்று அனுமதித்தால், 3,700ஐ 350ஆல் வகுக்க, விடை நிமிடத்துக்கு 10.6 லிட்டர்.

குளியல் நேரத்தில் 313 லிட்டர் ஓடும் அதே 3 அங்குலக் குழாயில், இரவில் சுற்றவேண்டியது 11 லிட்டர்தான். முதல்முறை இந்தக் கணக்கைப் போடுபவர்கள் புள்ளி இடம் மாறிவிட்டதோ என்று மறுபடி போட்டுப் பார்ப்பது வழக்கம். புள்ளி சரியாகத்தான் இருக்கிறது. இந்த எண் சிறியது என்பதை நம்ப மறுப்பவர்கள் பழைய கைக்கணக்குக்குப் போய்விடுகிறார்கள். இருபது வெந்நீர்க் குழாய்களுக்கு ஒரு கேலன் என்பது அவற்றில் ஒன்று. 192 அறைகளில் ஷவரும் பேசினுமாக 384 இருப்பதால் அது 19 கேலன் கேட்கும்: 73 லிட்டர், தேவையைப் போல ஏழு மடங்கு. அந்த 73 லிட்டரை 1 அங்குலத் திரும்பு குழாயில் தள்ளினால் வேகம் 2.3 மீட்டர். குளியல் குழாய்களாவது நாளில் சில மணி நேரமே வேகமாக ஓடுகின்றன. திரும்பு குழாய் இரவும் பகலும் ஓடுவது. எல்போக்களில் துளை விழுந்து, கூரைக்கு மேல் கசிந்து, அறையின் சீலிங்கில் கறை தெரியும்போதுதான் நிர்வாகத்துக்குத் தெரியவரும். குழாயின் தரம் சரியில்லை என்று பழியும் குழாய் மேல்தான் விழும்.

ஆனாலும் 11 லிட்டரை அப்படியே வைக்க முடியாது. எட்டாகப் பிரித்தால் ஒரு ரைசருக்கு 1.3 லிட்டர். இவ்வளவு சிறு ஓட்டத்தைப் பேலன்சிங் வால்வால் நம்பகமாக அளந்து நிறுத்துவது கடினம். வால்வு கிட்டத்தட்ட மூடிய நிலையில் நிற்கும், ஒரு சிறு துகள் வந்தாலும் அடைத்துக்கொள்ளும். ஆகவே ரைசருக்கு 2 லிட்டர், மொத்தம் 16 லிட்டர் என்று உயர்த்துவது நடைமுறைக்கு ஏற்றது. அப்போது வெப்ப வீழ்ச்சி 5க்குப் பதிலாக 3.3 டிகிரி ஆகும். ரைசரிலிருந்து வரும் துண்டுக்கு அரை அங்குலமும், சேர்ந்து இறங்கும் திரும்பு குழாய்க்கு 1 அங்குலமும் போதும்; அதில் வேகம் அரை மீட்டர். 60 டிகிரியில் கிளம்பிய நீர் வழி இழப்பெல்லாம் போக 56 டிகிரியில் ஹீட்டருக்குத் திரும்பும்.

அந்த 56 என்ற எண்ணுக்கு வசதியைத் தாண்டிய காரணம் உண்டு. 1976இல் பிலடெல்பியாவின் பெல்வியூ-ஸ்டிராட்ஃபோர்ட் ஓட்டலில் கூடிய முன்னாள் படைவீரர்களிடையே பரவிய நிமோனியாவிலிருந்துதான் லெஜியனெல்லா என்ற கிருமியே உலகுக்குத் தெரிந்தது. அங்கே சந்தேகிக்கப்பட்டது குளிரூட்டும் அமைப்பு. ஆனால் அந்தக் கிருமி வெந்நீர்க் குழாய்களிலும் தங்கி வளரும். 20 முதல் 45 டிகிரி வரை அதற்கு உகந்த சூடு. திரும்பும் நீர் 50 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது என்று விதிகள் வலியுறுத்துவது இதனால்தான். தோல் வெந்துபோகாமல் இருக்க 60 டிகிரி நீரை ஒவ்வொரு ஷவரிலும் கலவை வால்வு வைத்து 49 டிகிரிக்குள் கொண்டுவர வேண்டும். ஹீட்டரின் சூட்டையே குறைத்துவைப்பது இதற்கு மாற்று ஆகாது.

பம்பின் தூக்குத்திறனில் நடக்கும் தவறு இன்னும் பரவலானது. கட்டடம் 40 மீட்டர் உயரம் என்றால் பம்பும் 40 மீட்டர் தூக்க வேண்டும் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். சுற்று மூடியது, ரைசரில் ஏறும் நீரின் எடையைத் திரும்பு குழாயில் இறங்கும் நீரின் எடை சமன் செய்துவிடுகிறது. பம்ப் வெல்ல வேண்டியது உராய்வை மட்டும்தான். 16 லிட்டருக்கு 3 அங்குல மெயினில் உராய்வு இல்லை என்றே சொல்லலாம். திரும்பு குழாயின் 100 மீட்டர், வளைவுகள், வால்வுகள் எல்லாம் சேர்ந்து சுமார் 3 மீட்டர். வீட்டு மிக்ஸியைவிட மிகக் குறைந்த மின்சாரம் இழுக்கும் சிறு பம்ப் இதற்குப் போதும். ஆனால் வார்ப்பிரும்பு உடல் கூடாது; குளிக்கும் நீரில் ஆக்சிஜன் புதிதாக வந்துகொண்டே இருப்பதால் துருப்பிடிக்கும். வெண்கலமோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ வேண்டும்.

கணக்கு சரியாக இருந்தும் கட்டடத்தில் கெடுவது பெரும்பாலும் பங்கீட்டில். நீர் எளிதான வழியைத் தேடும். வால்வுகள் எல்லாம் முழுக்கத் திறந்திருந்தால் ஹீட்டருக்கு அருகிலுள்ள ரைசர்கள் 16 லிட்டரில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும், கடைசி ரைசர் ஆறிவிடும். அந்தப் பக்கத்து அறைகளிலிருந்து புகார் வந்ததும் பராமரிப்பாளர் பெரிய பம்ப் போடச் சொல்வார். பெரிய பம்ப் அருகிலுள்ள ரைசர்களைத்தான் இன்னும் வேகமாகச் சுற்றவைக்கும். நோயைக் கண்டுபிடிக்க ஒரு தொடு தெர்மாமீட்டர் போதும். யாரும் நீர் எடுக்காத பின்னிரவில் எட்டுத் திரும்பு துண்டுகளின் சூட்டையும் குறித்துக்கொண்டால், ஒன்று 59, இன்னொன்று 38 என்று காட்டிக்கொடுத்துவிடும். மருந்து, ஒவ்வொரு ரைசரின் திரும்பிலும் பேலன்சிங் வால்வு வைத்து ஓட்டத்தைச் சரிசெய்வது. அல்லது சூட்டை உணர்ந்து தானே திறந்து மூடும் வெப்ப வால்வு வைப்பது. ரைசரின் உச்சியில் காற்று தங்கினாலும் இதே அறிகுறி வரும். உச்சித் தளத்து அறைக்குப் போகும் கிளைக்குச் சற்றுக் கீழிருந்து திரும்பு குழாயை எடுத்தால், அந்த அறையில் குழாய் திறக்கும்போதெல்லாம் காற்று வெளியேறிவிடும்.

ரைசர் சூடாக இருந்தும் பேசினில் வெந்நீர் தாமதமானால், குற்றம் கிளைக் குழாயில் இருக்கிறது. ரைசரிலிருந்து பேசின் வரை முக்கால் அங்குலக் குழாய் 6 மீட்டர் ஓடினால் அதில் கிட்டத்தட்ட 2 லிட்டர் ஆறிய நீர் நிற்கும். நிமிடத்துக்கு நாலரை லிட்டர் விடும் சிக்கனக் குழாயில் அது வெளியேறவே அரை நிமிடம் ஆகும். இதே கிளையை அரை அங்குலமாக்கினால் நீர் பாதியாகும். சுற்றோட்டத்தை எவ்வளவு கூட்டினாலும் இந்தத் தாமதம் குறையாது.

கோபுரத்துக்கே உரிய தவறு ஒன்று உண்டு. மற்ற எதையும்விடத் திருத்தக் கடினமானது. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கூடும். குழாய்முனையில் 5.5 பாருக்கு மேல் விதி அனுமதிப்பதில்லை. உச்சியில் 1.7 பார் தேவை என்றால், 38 மீட்டர் கீழே 5.5 பாரைத் தொட்டுவிடும். மண்டலத்துக்கு 12 தளம் என்பது இப்படி வந்ததுதான். செலவைக் குறைக்க இரண்டு மண்டலத்துக்கும் ஒரே ஹீட்டர் வைத்து, கீழ் மண்டலத்துக்குப் போகும் மெயினில் ஓர் அழுத்தக் குறைப்பு வால்வு போட்டுவிடுகிறார்கள். குளிக்கும் நேரத்தில் அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அந்த மண்டலத்தின் திரும்பு நீர், குறைந்த அழுத்தத்திலிருந்து கூடுதல் அழுத்தமுள்ள ஹீட்டருக்குத் திரும்ப முடியாது. 3 மீட்டர் தள்ளும் சுற்றோட்டப் பம்பால் மூன்று நான்கு பாரை எதிர்த்து நிற்க முடியாது. பம்ப் ஓடும், நீர் நகராது. ஒரு மண்டலத்துக்கு ஒரு ஹீட்டர், ஒரு சுற்று என்று வைக்க வேண்டும். இல்லையென்றால், அழுத்தக் குறைப்பு வால்வைச் சுற்றுக்கு வெளியே, அறைக்குப் போகும் கிளைகளில் மட்டும் போட வேண்டும். இதை வரைபடத்திலேயே பார்த்துத் திருத்திவிட வேண்டும். குழாய் போட்டுச் சுவர் பூசிய பிறகு, புதிய ஹீட்டருக்கு இடம் தேடி இன்னொரு முறை கட்டடத்தை உடைப்பதைத் தவிர வழியில்லை.